எதுவும் கேட்காமல் மூடிய சாட்: எப்போது வரவேற்புச் செய்தியின் குற்றம்?

மதுரையில் கடைகளின் இணையதளங்களுக்குச் சாட் பெட்டி அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், சாட் மென்பொருள் காட்டும் 'எதுவும் கேட்காமல் போனவர்கள்' எண்ணைப் பார்த்ததுமே வரவேற்புச் செய்தியைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுத்துப்பிழை, முடிந்துபோன ஆஃபர் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அது யாருக்கும் தெரியும். அந்த எண்ணைப் படிப்பதில் நடக்கும் நான்கு தவறுகளைத்தான் சொல்கிறேன்.

மொத்த எண்ணை அப்படியே நம்புவது

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு சுங்குடிச் சேலைக் கடையில், "தம்பி, பாதிப் பேருக்கு மேல பேசாமலே போறாங்க, வசனத்தை மாத்துங்க" என்று முதலாளி சொல்ல, எனக்கு முன் வேலை பார்த்தவர் காசு வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப மாற்றி எழுதியிருக்கிறார், எண் அசையவே இல்லை. எப்படி அசையும்? பக்கம் திறந்த சில நொடிகளில் பெட்டி தானாகவே விரிகிறது, வணக்கம் சொல்கிறது, மென்பொருள் அதையும் ஒரு சாட் என்று எழுதிக்கொள்கிறது. வந்தவர் சேலைப் படம் பார்க்கப் பெட்டியை மூடியிருப்பார், அவ்வளவுதான்.

கணக்குக்காக 200 சாட், அதில் 120 பேர் எதுவும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் 60 சதவீதம். அந்த 120-இல் 80 தானாக விரிந்தவை என்றால் அவற்றை 200, 120 இரண்டிலிருந்தும் கழிக்க வேண்டும். மீதி 120 சாட்டில் 40, அதாவது மூன்றில் ஒன்று. இந்த 40 பேரிலும் இரண்டு மூன்று நொடியில் மூடியவர்கள் கை தவறித் தட்டியவர்களாக இருக்கலாம். பத்து இருபது நொடி நின்று, படித்து, அப்புறம் போனவர்கள்தான் உங்கள் வசனத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறவர்கள்.

அந்தக் கடையின் செய்தி, "அன்புடன் வரவேற்கிறோம்" என்று தொடங்கி, "உங்கள் பெயர், மொபைல் எண்ணைத் தெரிவிக்கவும்" என்று முடிந்தது. விலை கேட்க வந்தவரிடம் வாசலிலேயே நம்பர் கேட்டால் படித்துவிட்டுத்தான் போவார். எழுதியவர் மாற்றியதெல்லாம் முதல் வரியை, கடைசி வரியைத் தொடவே இல்லை.

வாட்ஸ்அப்பையும் இதே கணக்கில் சேர்ப்பது

சேர்க்காதீர்கள். அங்கே வாடிக்கையாளர் ஏதாவது எழுதிய பிறகுதான் வரவேற்பே போகும், அதனால் வரவேற்பைப் பார்த்து எதுவும் எழுதாமலே போனவர் என்று அங்கே யாரும் இல்லை.

போனவர் எல்லாம் ஏமாந்தவர் என்று எண்ணுவது

சித்திரைத் திருவிழா நாளில் செய்தியிலேயே கடை நேரத்தைப் போட்டால், அதைப் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள் கூடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பட்டன் வைத்ததும் எண் இறங்கிவிட்டது என்று மகிழ்வது

'சேலை விலை', 'என் ஆர்டர் எங்கே', 'கடை நேரம்' என்று மூன்று பட்டன் வைத்தால் எண் இறங்கத்தான் செய்யும், ஒரு தட்டலையும் மென்பொருள் கோரிக்கை என்று எண்ணுமே. 'சேலை விலை' தட்டியவர் அடுத்து எந்தச் சேலை என்று எழுதினாரா என்று பாருங்கள். தட்டிவிட்டு அங்கேயே நின்றுபோனவர்கள் நிறைய இருந்தால், பழைய மௌனம் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது, குறையவில்லை.