வகையிடும் முன் பிரதியிடுங்கள்: ஸ்டாக்கல்பெர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனம் முதலில் தன் உற்பத்தி அளவை முடிவு செய்ய, இன்னொன்று அதைப் பார்த்துவிட்டுத் தன் அளவை முடிவு செய்வதுதான் ஸ்டாக்கல்பெர்க் கணக்கு. இதில் பலருக்கும் ஒரே தவறான விடைதான் வருகிறது. கூட்டல் கழித்தல் எதுவும் பிசகியிருக்காது. ஆனாலும் முதலில் நகரும் நிறுவனமும் பின்னால் வரும் நிறுவனமும் ஒரே அளவு உற்பத்தி செய்வதாக முடிந்திருக்கும். அந்த விடை ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால் இந்த மாதிரியில் பாதி புரிந்த மாதிரி.

ஒரு எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். சந்தையில் இரண்டே நிறுவனங்கள், ஒரே மாதிரிப் பொருள். இருவரும் சந்தைக்குக் கொண்டுவரும் மொத்த அளவைப் பொறுத்து விலை அமைகிறது. ஒவ்வொரு அலகுக்கும் இருவருக்கும் செலவு 10. முதலில் நகரும் முன்செல்பவரின் அளவு q1, பின்னால் வரும் தொடர்பவரின் அளவு q2, விலை P.

```
P = 130 - q1 - q2
```

இருவரும் ஒரே நேரத்தில் அளவைத் தீர்மானித்தால் அது 1838-இல் கூர்னோ எழுதிய மாதிரி. ஆளுக்கு 40, விலை 50, லாபம் ஆளுக்கு 1600. ஹைன்ரிச் ஃபான் ஸ்டாக்கல்பெர்க் 1934-இல் கேட்ட கேள்வி வேறு. ஒருவர் முதலில் தன் அளவை முடிவு செய்து, அதைத் திரும்பப் பெற முடியாதபடி அறிவித்துவிட்டால் என்ன ஆகும்?

கணக்கைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். தொடர்பவர் q1-ஐப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார். அவருக்கு எது அதிக லாபம் தரும் என்று கண்டால் அவருடைய எதிர்வினைக் கோடு கிடைக்கிறது:

```
q2 = 60 - q1/2
```

இதுவரை யாரும் தவறுவதில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. முன்செல்பவரின் லாபம் q1(120 - q1 - q2). இதைப் பார்த்ததும், பழக்கத்தில், கை உடனே வகையிடப் போய்விடுகிறது. 120 - 2q1 - q2 = 0 என்று எழுதி, அப்புறம் அதில் எதிர்வினைக் கோட்டைப் பிரதியிட்டால் q1 = 40 என்று வரும். கூர்னோ விடையே திரும்ப வந்துவிட்டது.

q2-ஐ மாறிலியாக வைத்து வகையிட்டபோதே, “நான் என்ன செய்தாலும் எதிராளி அசையமாட்டார்” என்று முன்செல்பவர் நம்புவதாகச் சொல்லிவிட்டோம். ஒரே நேரத்தில் ஆடுபவர்தான் அப்படி நம்ப வேண்டும். முன்செல்பவருக்கோ தான் ஒரு அலகு கூட்டினால் எதிராளி அரை அலகு குறைப்பார் என்பது தெரியும். அந்த அறிவு லாபச் சமன்பாட்டுக்குள் முதலிலேயே நுழைய வேண்டும். ஆகவே முதலில் பிரதியிட்டு, பிறகு வகையிட வேண்டும்:

```
லாபம் = q1(120 - q1 - 60 + q1/2) = q1(60 - q1/2)
60 - q1 = 0,  q1 = 60,  q2 = 30
```

விலை 40. முன்செல்பவருக்கு லாபம் 1800, தொடர்பவருக்கு 900. விடையைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. முன்செல்பவர் நினைத்தால் 40 என்றே அறிவித்து, கூர்னோ லாபமான 1600-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதனால் அவர் லாபம் 1600-க்குக் கீழே போகவே முடியாது. கீழே போயிருந்தால் எங்கோ பிழை. சரியாக 1600-லேயே நின்றிருந்தால், வகையிட்ட பிறகு பிரதியிட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது தவறு, சரியான விடையைக் கண்டுபிடித்த பிறகு வருவது. 60, 30 என்று எழுதிவிட்டு, சமநிலைதானா என்று பார்க்க முன்செல்பவரின் எதிர்வினைக் கோட்டிலும் 30-ஐப் போட்டுப் பார்ப்பார்கள். எதிராளி 30 உற்பத்தி செய்தால் இவருக்கு உகந்த அளவு 45. லாபமும் 2025 ஆக உயரும். உடனே 60 தவறு என்று அடித்துவிடுவார்கள். அடிக்க வேண்டாம். முன்செல்பவர் தன் எதிர்வினைக் கோட்டின் மேல் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னால் 45-க்கு இறங்கத் தோன்றும், ஆனால் இறங்க முடியாது. அவருடைய பலமே அதுதான். இறங்க வழி இருந்தால் தொடர்பவர் அதை ஊகித்து 37.5 தயாரிப்பார், அதற்கு இவர் 41.25-க்கு வருவார், இப்படியே போய் இருவரும் 40-இல் நிற்பார்கள்.

அப்படியானால் வாயால் அறிவிப்பது போதாது, பணத்தைத் திரும்ப எடுக்க முடியாத இடத்தில் போட வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் டைட்டானியம் டை ஆக்சைடு சந்தையில் டூபாண்ட் செய்தது இதற்கு நெருக்கமான உதாரணம். பெயிண்டுக்கு வெண்மை தரும் பொருள் அது. டூபாண்டிடம் மலிவான இல்மனைட் தாதுவைப் பயன்படுத்தும் குளோரைடு செய்முறை இருந்தது. ரூட்டைல் தாதுவின் விலை உயர்ந்ததாலும், சுற்றுச்சூழல் விதிகள் இறுகியதாலும் போட்டியாளர்களின் செலவு ஏறியது. அந்த நேரத்தில் டூபாண்ட் பெரிய அளவில் உற்பத்தித் திறனைக் கூட்டத் தொடங்கியது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதற்கு எதிராக 1978-இல் வழக்குத் தொடுத்து, 1980-இல் தானே தள்ளுபடி செய்தது. கட்டி எழுப்பிய ஆலையை மறுநாள் பாதியாக்க முடியாது. இதனால்தான் மாதிரியில் வரும் q1-ஐ ‘இந்த மாத உற்பத்தி’ என்று படிப்பதைவிட ‘கட்டிய திறன்’ என்று படிப்பது நல்லது.

இதோடு ஒட்டிய சின்னத் தவறு, தொடர்பவரின் உத்தியை “30” என்று எழுதுவது. 30 என்பது ஆட்டத்தில் நடந்தது மட்டுமே. q1 எதுவாக இருந்தாலும் 60 - q1/2 என்ற முழு விதிதான் அவருடைய உத்தி. q1 என்னவானாலும் அவர் 30 தான் செய்வார் என்றால், மேலே பார்த்தபடி முன்செல்பவர் 45-ஐத்தான் தேர்ந்தெடுப்பார், கணக்கே வேறாகிவிடும்.

கடைசித் தவறு, எதிர்வினைக் கோடு எங்கே முடிகிறது என்று பார்க்காமல் போவது. உற்பத்தி பூஜ்யத்துக்குக் கீழே போகாது. செலவு சமமாக இருக்கும்போது இது தலைகாட்டாது. டூபாண்ட் கதையைப் போலத் தொடர்பவரின் செலவு அதிகமாக இருந்தால் தலைகாட்டும். அவர் செலவு 60, முன்செல்பவருக்குப் பழையபடி 10 என்று வைப்போம். எதிர்வினைக் கோடு q2 = 35 - q1/2. இயந்திரம் போலப் பிரதியிட்டு வகையிட்டால் q1 = 85, q2 = -7.5. மைனஸ் வந்ததும் பலர் q2-ஐப் பூஜ்யமாக்கிவிட்டு 85-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதில் முன்செல்பவருக்கு லாபம் 2975.

85 என்ற எண்ணே, எதிராளி இன்னும் குறைத்துக்கொண்டே போவார் என்ற நம்பிக்கையில் வந்தது. அவரோ q1 = 70 வந்ததுமே பூஜ்யத்துக்கு வந்துவிட்டார், அதற்கு மேல் குறைக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஆகவே கோட்டை இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். 70 வரை லாபம் q1(85 - q1/2), இது ஏறிக்கொண்டே போகிறது. 70-க்கு மேல் லாபம் q1(120 - q1), இது இறங்கிக்கொண்டே போகிறது. உச்சம் அந்த முனையில், q1 = 70-இல் இருக்கிறது. வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கி இந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. விலை சரியாக 60, அதாவது தொடர்பவரின் செலவுக்குச் சமம், அதனால் அவர் உள்ளே வரமாட்டார். முன்செல்பவரின் லாபம் 3500. தனி முற்றுரிமையாளர் போல 60 என்று அறிவித்திருந்தால் தொடர்பவர் 5 அலகோடு உள்ளே வந்திருப்பார், லாபம் 3300-இல் நின்றிருக்கும்.