குழந்தையின் உயர வளர்ச்சி வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

"ஏழு வயசு, 118 செ.மீ. இருக்கான், சரியா?" என்ற கேள்விக்கு அந்த ஒரு எண்ணை வைத்து முழுப் பதில் சொல்ல முடியாது. அவன் இப்போது எங்கே நிற்கிறான் என்பது மட்டும்தான் அதில் தெரியும், வளர்கிறானா நின்றுவிட்டானா என்பது தெரியாது. குட்டையாக இருக்கும் பிள்ளை வருடத்துக்கு 5.5 செ.மீ. சீராக வளர்ந்துகொண்டிருக்கலாம். வகுப்பிலேயே உயரமான பிள்ளையின் வளர்ச்சி 3 செ.மீ.க்குக் குறைந்திருக்கலாம். இந்த இருவரில் மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது உயரமான பிள்ளையைத்தான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு அளவுகளும் அவற்றின் தேதிகளும் வேண்டும்.

படி 1: அளப்பது

கணக்கு சுலபம். தவறு நடப்பதெல்லாம் அளக்கும்போதுதான், அதனால் இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

சுவரில் ஒட்டும் படம் போட்ட காகித அளவுகோலை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டும்போதே சற்று மேலோ கீழோ போய்விடும், பிறகு கழற்றி வேறு இடத்தில் ஒட்டினால் பழைய அளவோடு ஒப்பிட முடியாது. இரும்பு டேப்பும், செங்கோண முனையுள்ள கனமான மரக்கட்டை ஒன்றும் போதும். சுவரின் அடியில் ஓரப்பட்டை துருத்திக்கொண்டு இருந்தால் குதிகால் சுவரைத் தொடாது, ஆகவே பட்டை இல்லாத சுவராகப் பாருங்கள். கம்பளம் விரித்த தரையும் வேண்டாம்.

காலணி, காலுறை, கொண்டை, ஹேர்பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குதிகால்கள் சேர்ந்து தரையில் பதிய வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. அதிகம் பேர் கோட்டை விடுவது தலையில்தான். கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும். "நிமிர்ந்து நில்லு" என்றதும் பிள்ளைகள் மோவாயை உயர்த்துவார்கள், அதில் உச்சந்தலை பின்னே சாய்ந்து உயரம் குறைந்துவிடும். அதனால் பக்கவாட்டில் நின்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கட்டையைச் சுவரோடு ஒட்டி, முடி அழுந்தும்படி தலைமேல் இறக்கி, அதன் அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போடுங்கள். பிள்ளையை விலகச் சொல்லி, மறுபடி நிற்க வைத்து, மொத்தம் மூன்று முறை அளங்கள். மூன்றும் 0.5 செ.மீ.க்குள் இருந்தால் சராசரியைத் தேதியோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் மீண்டும் அளங்கள்.

நேரமும் முக்கியம். எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதுகெலும்பு வட்டுகள் அழுந்துவதால் மாலைக்குள் சுமார் 1 செ.மீ. வரை உயரம் குறையலாம். முதல் அளவு மாலையில் எடுத்ததென்றால் அடுத்ததும் மாலையிலேயே இருக்கட்டும்.

படி 2: கணக்கு

உயர வித்தியாசத்தை இடைப்பட்ட காலத்தால் (வருடத்தில்) வகுக்க வேண்டும். எக்செலில் A பத்தியில் தேதி, B பத்தியில் உயரம் போட்டு:

```
=(B3-B2)/((A3-A2)/365.25)
```

விடை விசித்திரமாக வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். 09/06 என்பதைச் சில கணினிகள் செப்டம்பர் 6 என்று எடுத்துக்கொள்ளும்.

படி 3: எத்தனை மாத இடைவெளி?

ஓர் உதாரணம். 2023 ஜூன் 10-ல் 118.4 செ.மீ. இருந்த பிள்ளை, செப்டம்பர் 9-ல் 119.1. 91 நாளில் 0.7 செ.மீ., அதாவது வருடத்துக்கு 2.8. பெற்றோர் பதறும் எண் இது. ஆனால் ஒவ்வொரு அளவிலும் 0.3 செ.மீ. பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசத்தில் 0.6 வரை பிழை வரலாம். மூன்று மாதக் கணக்கை வருடத்துக்கு மாற்றும்போது அந்தப் பிழையும் நான்கு மடங்காகி 2.4 ஆகிவிடும். உண்மை வேகம் 0.4 ஆகவும் இருக்கலாம், 5.2 ஆகவும் இருக்கலாம்!

அதே பிள்ளை 2024 ஜூன் 8-ல் 123.7. 364 நாளில் 5.3 செ.மீ., வேகமும் 5.3. அதே 0.6 பிழை இங்கே 0.6 ஆகவே நிற்கிறது, எனவே வேகம் 4.7-க்கும் 5.9-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இதை நம்பி முடிவெடுக்கலாம்.

பிள்ளைகள் எல்லா மாதமும் ஒரே வேகத்தில் வளர்வதும் இல்லை, பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் பன்னிரண்டு மாதம் விடுங்கள். நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து வைப்பது நல்லதுதான்: ஒரு அளவு மட்டும் வரிசையிலிருந்து விலகி நின்றால் அது அளவுப் பிழை என்று தெரிந்துவிடும்.

நான்கு வயதிலிருந்து பூப்புப் பருவம் தொடங்கும்வரை வருடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. வழக்கம். பூப்புக்குச் சற்று முன் கொஞ்சம் மந்தமாகி, பிறகு வேகமெடுக்கும். ஒரு முழு வருடக் கணக்கில் 4-க்குக் கீழே வந்தால் எல்லாத் தேதிகளோடும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளுக்கு வேகம் திடீரெனக் குறைந்ததாகப் பலர் எழுதியிருந்தார்கள். முதல் அளவு படுக்க வைத்து எடுத்ததா என்று பாருங்கள். படுத்த நீளம் நின்ற உயரத்தைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். ஒப்பிடும் முன் படுத்த அளவிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள்.