எழுபதின்மர் மொழிபெயர்ப்பு: வாசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் யாக்கோபு ஆமோஸ் தீர்க்கதரிசியை மேற்கோள் காட்டுகிறார். 17ஆம் வசனத்தை வாசித்துவிட்டு அதே தமிழ் வேதாகமத்தில் ஆமோஸ் 9:12ஐத் திருப்பிப் பாருங்கள். இரண்டும் பொருந்தாது. ஆமோஸில், இஸ்ரவேலர் ஏதோமின் மீதியானவர்களைச் சுதந்தரிப்பார்கள் என்று இருக்கும். யாக்கோபின் வாயிலோ, மீந்திருக்கும் மனிதர் கர்த்தரைத் தேடுவார்கள் என்று வரும். யாக்கோபோ லூக்காவோ தப்பாக எடுத்தாண்டுவிட்டார் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. தமிழ்ப் பழைய ஏற்பாடு எபிரெயத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. லூக்கா கையில் வைத்திருந்ததோ அதே நூலின் கிரேக்கப் பெயர்ப்பு. அதைத்தான் செப்துவஜிந்த் என்றும் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்றும் சொல்கிறோம்.

இந்த வசனத்தில் நடந்ததைத் தெளிவாகவே பின்தொடரலாம். பழைய எபிரெய எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. 'ஏதோம்' என்பதையும் மனிதரைக் குறிக்கும் 'ஆதாம்' என்பதையும் அதே மூன்று மெய்களால் எழுத முடியும். 'சுதந்தரிப்பார்கள்', 'தேடுவார்கள்' என்ற இரு வினைகளுக்கும் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். கிரேக்கத்தில் பெயர்த்த யூதர் இரண்டு இடத்திலும் இரண்டாவது வாசிப்பை எடுத்தார். அவர் முன்னிருந்த ஏடே அப்படி இருந்ததா, அவர் கண் அப்படிப் படித்ததா என்பதை இந்த ஒரு வசனத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஏதோமைப் பிடிப்பது பற்றிய வாக்கு, எல்லா மனிதரும் கடவுளைத் தேடுவது பற்றிய வாக்காக மாறியது இயேசு பிறப்பதற்கு முன்பே. புறவினத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று எருசலேமில் வாதம் நடந்தபோது, லூக்கா எழுதியுள்ளபடி, தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றது இந்தக் கிரேக்க வாசகம்தான்.

ஒரே நாளில், ஒரே குழுவால் வந்த நூல் அல்ல

எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி கேட்டுக்கொள்ள, எருசலேமிலிருந்து கோத்திரத்துக்கு ஆறு பேராக 72 மூப்பர்கள் வந்தார்கள், அலெக்சாந்திரியாவுக்கு எதிரே உள்ள தீவில் 72 நாளில் பெயர்ப்பை முடித்தார்கள் என்று அரிஸ்தெயாவின் மடல் என்னும் பழைய கிரேக்க நூல் சொல்கிறது. அந்த மடலோ இது நடந்து நூறாண்டுக்கும் மேல் கழிந்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. எழுபது என்ற பெயர் இங்கிருந்தே வந்தது. தனித்தனி அறைகளில் அமர்ந்த எல்லோரும் ஒரே சொற்களை எழுதினார்கள் என்பது மடலில் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது.

கதையை நம்புவதா வேண்டாமா என்று மட்டும் விவாதிப்பவர்கள் அதில் உள்ள முக்கியமான வரம்பைக் கவனிப்பதில்லை. மடல் பேசுவது நியாயப்பிரமாணம் எனப்படும் முதல் ஐந்து நூல்களைப் பற்றி மட்டுமே. அவை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் கிரேக்கமாயின. தீர்க்கதரிசிகளும் சங்கீதங்களும் மற்றவையும் அடுத்த இரு நூற்றாண்டுகளிலும் அதற்குப் பின்னும், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு முறையில் பெயர்க்கப்பட்டன. சீராக் என்னும் ஞான நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர் அதை எழுதியவரின் பேரன், கி.மு. 132இல் எகிப்துக்கு வந்தவர். எபிரெயத்தில் சொன்னதை வேறு மொழியில் சொல்லும்போது அதே வலிமை இருப்பதில்லை, நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசன நூல்களும்கூட மூலத்திலிருந்து கணிசமாக வேறுபடுகின்றன என்று அவரே முன்னுரையில் எழுதிவைத்தார். ஆகவே 'செப்துவஜிந்த் இப்படித்தான் பெயர்க்கும்' என்ற பொது விதி எதையும் நம்பாதீர்கள். ஆதியாகமத்துக்குப் பொருந்துவது ஏசாயாவுக்குப் பொருந்தாது.

வேறுபாடு என்றாலே பிழை அல்ல, எப்போதும் வேறு மூலமும் அல்ல

இதைக் கற்றுக்கொள்ள எரேமியாவைவிட நல்ல நூல் இல்லை. கிரேக்க எரேமியா எபிரெயத்தைவிட ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு சிறியது. எபிரெயத்தில் 46 முதல் 51 வரை கடைசியில் வரும் புறநாடுகளைப் பற்றிய தீர்க்கதரிசனங்கள், கிரேக்கத்தில் 25:13ஐத் தொடர்ந்து நடுவிலேயே வந்துவிடுகின்றன. அதனால் அதிகார எண்களும் மாறும். புதிய உடன்படிக்கை பற்றிய 31:31ஐக் கிரேக்கப் பதிப்பில் 38:31இல் தேட வேண்டும். இதை அறியாமல் தேடி, 'கிரேக்கத்தில் அந்த வசனமே இல்லை' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

பெயர்த்தவர் சோம்பலால் வெட்டிவிட்டார் என்பது பழைய விளக்கம். சாக்கடல் கரையில் உள்ள கும்ரானின் நான்காம் குகை 1952இல் கிடைத்தபின் அது நிற்கவில்லை. அங்கே கிடைத்த ஓர் எபிரெயத் துண்டில் 10ஆம் அதிகாரத்தின் 6 முதல் 8 வரையான வசனங்களும் 10ஆம் வசனமும் இல்லை. கிரேக்கத்திலும் சரியாக அவையே இல்லை. பெயர்த்தவர் எதையும் வெட்டவில்லை, தன் முன்னிருந்த சிறிய எபிரெய ஏட்டை நேர்மையாகப் பெயர்த்திருக்கிறார். அதே குகையில் நீண்ட வடிவத்தைச் சேர்ந்த எரேமியா ஏடும் கிடைத்தது. ஆக, இரண்டு வடிவங்களும் யூதர்களிடம் ஒரே காலத்தில் புழங்கின.

இதைப் பார்த்துவிட்டு எல்லா வேறுபாட்டுக்கும் பின்னால் தொலைந்துபோன எபிரெய மூலம் இருக்கிறது என்று பாய்வது எதிர்ப்பக்கத் தவறு. ஏசாயா 9:12இல் எபிரெயம் இஸ்ரவேலுக்கு மேற்கே பெலிஸ்தரைச் சொல்கிறது. கிரேக்கத்தில் அங்கே 'கிரேக்கர்' என்று இருக்கிறது. இதற்கு வேறு மூலம் தேட வேண்டியதில்லை. பெயர்த்தவர் தன் காலத்து எதிரிகளை அந்த வசனத்தில் வைத்துப் படித்தார். கும்ரானின் முதல் குகையில் கிடைத்த முழு ஏசாயாச் சுருள் பெரும்பாலும் இன்றைய எபிரெயத்தோடு ஒத்துப்போவதால், ஏசாயாவில் பல மாற்றங்கள் பெயர்த்தவரின் கைவேலை என்று சொல்ல முடிகிறது.

ஒரு வேறுபாட்டைக் கண்டால் பார்க்கும் வரிசை இதுதான்: முதலில் எண் மாறியதால் தவறான வசனத்தை ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள். பிறகு சாக்கடல் எபிரெய ஏடுகளில் அந்த இடம் எஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த நூலைப் பெயர்த்தவர் மற்ற வசனங்களில் எவ்வளவு சொல்லுக்குச் சொல் போகிறார் என்று கவனியுங்கள். சொல் பிசகாதவர் ஓரிடத்தில் விலகினால் அவர் மூலம் வேறாக இருந்திருக்கலாம். தாராளமாக எழுதுகிறவர் விலகினால் அது அவர் பாணியாகவே இருக்கக்கூடும்.

கிறிஸ்தவர்கள் திரித்தார்களா, யூதர்கள் வெட்டினார்களா

ஏசாயா 7:14இல் எபிரெயம் சொல்லும் இளம்பெண், கிரேக்கத்தில் 'பார்த்தெனோஸ்' ஆனாள். பொதுவாகக் கன்னி என்று பொருள்படும் இந்தச் சொல்லைக் கிறிஸ்தவர்கள் நுழைத்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. மத்தேயுவுக்குச் சுமார் இருநூறு ஆண்டு முன்பு அதை எழுதியவர் ஒரு யூதர். அவர் அற்புதப் பிறப்பைத்தான் நினைத்தார் என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. கிரேக்க ஆதியாகமம் 34:3, கெடுக்கப்பட்ட பின்னும் தீனாளை அதே சொல்லால்தான் குறிக்கிறது.

மறுபக்கக் குற்றச்சாட்டும் இதே அளவு கவனம் கேட்கிறது. சுமார் 160இல் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், ட்ரைஃபோ என்ற யூதரோடு நடத்தும் உரையாடலில், சங்கீதம் 96:10இல் 'கர்த்தர் மரத்திலிருந்து அரசாளுகிறார்' என்று இருந்ததாகவும், சிலுவையைச் சுட்டும் அந்த 'மரத்திலிருந்து' என்பதை யூதர்கள் நீக்கிவிட்டதாகவும் சொல்கிறார். எபிரெயத்தில் அது இல்லை. கிறிஸ்தவர்களே படியெடுத்த 4ஆம் நூற்றாண்டின் பெரிய கிரேக்க ஏடுகளான வத்திக்கான் ஏட்டிலும் சினாய் ஏட்டிலும் இல்லை. அது கிறிஸ்தவர் கையால் சேர்ந்த சொல். ஜஸ்டின் பொய் சொன்னார் என்று முடிவுகட்டுவது நியாயமல்ல. அவர் கையிலிருந்த ஏட்டில் அது ஏற்கெனவே ஏறியிருக்க வேண்டும்.

'திருச்சபை எடுத்துக்கொண்டது, யூதர்கள் கைவிட்டார்கள்'

இந்த ஒற்றை வரி விளக்கம் பாடநூல்களில்கூட வருகிறது. கிறிஸ்தவர்களுக்கு எதிராகவே 130 வாக்கில் அக்கிலா என்ற யூதர் புதிய கிரேக்கப் பெயர்ப்பைச் செய்தார் என்பார்கள். யூதேயப் பாலைவனத்தில் நகல் ஹேவெர் குகையில் கிடைத்த சிறிய தீர்க்கதரிசிகளின் கிரேக்கச் சுருள் இதைப் புரட்டிப்போட்டது. ரோமருக்கு எதிரான பார் கொக்பா கிளர்ச்சியின்போது, 132 முதல் 135 வரை, அங்கே ஒளிந்திருந்தவர்களுடையது அது. எழுத்து வடிவத்தைக் கொண்டு அதன் காலம் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வைக்கப்படுகிறது. அதில் இருப்பது பழைய கிரேக்கத்தை எபிரெயத்துக்கு நெருக்கமாகத் திருத்திய வாசகம். கடவுளின் பெயர் மட்டும் கிரேக்கத்தில் இல்லாமல் பழைய எபிரெய எழுத்தில் இருக்கிறது. திருச்சபை தோன்றுமுன்பே தொடங்கிவிட்ட இந்த வேலைக்குக் கிறிஸ்தவர்களைக் காரணம் சொல்ல முடியாது. அக்கிலா அதன் தொடர்ச்சி.

கிறிஸ்தவ வாதங்கள் இந்தப் பிரிவை ஆழமாக்கியது உண்மைதான். நியாயப்பிரமாணமாகிய தோரா கிரேக்கமான நாள் பொற்கன்றுக்குட்டி செய்த நாளைப் போலக் கடினமானது என்று பிற்கால ரபி நூல் ஒன்று சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பு சுமார் 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், வேத நூல்களை எழுத அனுமதிக்கத்தக்க ஒரே வேற்றுமொழி கிரேக்கம் என்ற ரபியின் கருத்தும் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறவர்களிடம் மற்றதைக் கேளுங்கள். 553இல் பேரரசர் ஜஸ்டினியன், ஜெப ஆலயங்களில் கிரேக்கத்தில் வாசிக்கலாம், எழுபதின்மர் பெயர்ப்பே விருப்பம், அக்கிலாவும் ஆகலாம் என்று சட்டம் போட்டார். கைவிடப்பட்ட வழக்கத்துக்கு இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்காது.

அச்சுப் பதிப்பைத் திறக்கும்போது

கடைசியாக ஒன்று: இன்று கையில் கிடைக்கும் செப்துவஜிந்த் பதிப்பு முழுவதும் முதல் பெயர்ப்பாளர்களின் சொற்கள் அல்ல. தானியேலைத் திருச்சபை தியோடோஷியன் என்ற மற்றொரு பெயர்ப்பாளரின் பெயரால் வழங்கும் வாசகத்தில் படித்தது. பழைய கிரேக்கத் தானியேல் ஓரிரு ஏடுகளில்தான் தப்பியது. 1935இல் வந்த ரால்ஃப்ஸ் பதிப்பில் இரண்டும் அச்சாகியிருக்கின்றன. எதை எடுத்தாள்கிறீர்கள் என்று சொல்லாமல் 'கிரேக்கத் தானியேல்' என்று எழுதக் கூடாது. யோபு இன்னும் சிக்கல். பழைய கிரேக்க யோபு எபிரெயத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. 3ஆம் நூற்றாண்டில் செசரியாவில் எபிரெயத்தையும் கிரேக்கப் பெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அடுக்கி ஒப்பிட்ட ஓரிகன், விடுபட்ட வரிகளைத் தியோடோஷியனிலிருந்து எடுத்து நட்சத்திரக் குறி போட்டுச் சேர்த்தார். பின்னால் படியெடுத்தவர்கள் பலர் குறிகளை விட்டுவிட்டு வரிகளை மட்டும் எழுதினார்கள். அதனால் யோபில் ஒரு வரியை வைத்து அலெக்சாந்திரிய யூதரின் கருத்து என்று எதையாவது சொல்லுமுன், அது நட்சத்திரமிட்ட வரியா என்று பதிப்பின் அடிக்குறிப்பில் பார்த்துவிடுங்கள்.