புதன் கோளின் வேகக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கோள்களில் புதனின் பாதைதான் மிகவும் நீண்டு நசுங்கியது. சூரியனுக்கு மிக அருகில் வரும் அண்மைநிலையில் தொலைவு 4.60 கோடி கி.மீ., மிகத் தள்ளிப்போகும் சேய்மைநிலையில் 6.98 கோடி கி.மீ. அண்மைநிலையில் வேகம் நொடிக்கு 59.0 கி.மீ. என்றால் சேய்மைநிலையில் எவ்வளவு?

நிறையப் பேர் இங்கே பழக்கதோஷத்தில் v = √(GM/r) என்று எழுதிவிடுவார்கள். அது வட்டப் பாதைக்கான சூத்திரம். புதனுக்குப் போட்டால் அண்மையில் 53.7, சேய்மையில் 43.6 கி.மீ. என வரும். விடை நம்பும்படி இருப்பதுதான் வம்பு. உண்மையில் அண்மையில் புதன் ஓடுவது 59.0. அந்தத் தொலைவில் வட்டமாகச் சுற்றத் தேவையானதைவிட வேகம் கூடுதல், அதனால்தான் வெளியே விலகிப் போகிறது. சேய்மையில் வேகம் போதாமல் மறுபடி உள்ளே விழுகிறது.

சரியான வழி, கோண உந்தம் மாறாது என்ற விதி. சூரியன் இழுத்துக்கொண்டே இருக்கும்போது உந்தம் எப்படி மாறாமல் இருக்கும் என்று சிலர் குழம்புவார்கள். நேர்கோட்டு உந்தம் மாறத்தான் செய்கிறது. ஆனால் இழுவிசை எப்போதும் சூரியனை நோக்கியே இருப்பதால், சூரியனைப் பொறுத்துத் திருப்புவிசை சுழி. ஆகவே r₁v₁ = r₂v₂. 4.60 × 59.0 ÷ 6.98 = 38.9. கோளின் நிறை இரு பக்கமும் அடிபட்டுப்போகும், அதைத் தேட வேண்டாம். தொலைவை மட்டும் சூரியனின் மையத்திலிருந்து எடுக்க வேண்டும். நீள்வட்டத்தின் நடுவிலிருந்து அளந்தால் இரண்டு தொலைவும் ஒன்றாகி, வேகமும் ஒன்றாகிவிடும்.

கணக்கு சரியாக வந்த தெம்பில் இதே சமன்பாட்டைப் பாதை முழுக்கப் போடுவது அடுத்த சறுக்கல். அந்த இரண்டு புள்ளிகளில் மட்டும்தான் வேகம் ஆரத்துக்குச் செங்குத்து. மற்ற இடங்களில், வேகத்துக்கும் ஆரத்துக்கும் இடையிலான கோணம் φ என்றால், rv sinφ தான் மாறாதது. நீள்வட்டத்தின் குறுகிய அச்சான குற்றச்சின் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே r = 5.79 கோடி கி.மீ. சைனை மறந்தால் வேகம் 46.9 என்று கிடைக்கும். அங்கே கோணம் சுமார் 78 பாகை, சைன் 0.979. வகுத்தால் 47.9, அதுதான் உண்மையான வேகம். ஒரு கி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்தத் தவறு எளிதில் தப்பிவிடும்.

அண்மைநிலையில் கோணவேகம் சேய்மைநிலையைப்போல எத்தனை மடங்கு என்று கேட்டால் r-ஐ ஒருமுறை மட்டும் தலைகீழாக்கி 1.52 மடங்கு என்று நிறுத்திவிடாதீர்கள். ω = v/r என்பதால் வர்க்கம் வரும், 2.3 மடங்கு. அண்மைநிலையில் இந்தக் கோணவேகம் புதன் தன்னைத்தானே சுழலும் வேகத்தையும் மிஞ்சிவிடுகிறது. அந்தச் சில நாள்களில் புதனின் தரையில் நின்று பார்த்தால், வானில் நகர்ந்துகொண்டிருந்த சூரியன் நின்று, கொஞ்சம் பின்னோக்கிப் போய், மறுபடி முன்னே நகரும்.