சோலார் கேமராவின் பேட்டரி அடிக்கடி தீர்கிறதா? முதலில் பேனலின் இடத்தைப் பாருங்கள்

கோலாலம்பூர் டெரஸ் வீடுகளில் சோலார் கேமராவைப் பெரும்பாலும் கார் போர்ச்சின் கூரை விளிம்புக்குக் கீழே மாட்டுகிறார்கள். கேமராவுக்கு அது நல்ல இடம், மழை படாது. பேனலுக்கோ அதுவே பகை. இங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்பதால், வெயில் கொளுத்தும் நேரத்தில் கூரை நிழல் பேனலை மூடிவிடும்.

படி 1: கணக்கு எடுங்கள். கேமராவைக் கழற்றி, வீட்டுக்குள் யூ.எஸ்.பி. சார்ஜரில் 100% ஏற்றி, பழைய இடத்திலேயே மாட்டுங்கள். ஓரிரு நாளில் அளவு சற்றுக் குறைந்ததும், மூன்று நாளைக்குக் காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் செயலியில் தெரியும் பேட்டரி அளவைக் குறித்து வையுங்கள். உதாரணமாக, மாலையில் 85%, மறுநாள் காலையில் 78%, அன்று மாலை 79% என்று வைத்துக்கொள்வோம். இரவில் 7 போகிறது, பகலில் 1தான் ஏறுகிறது. நாளுக்கு 6% நட்டம் என்றால் இரண்டு வாரத்தில் கேமரா அணைந்துவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கத் தேவையில்லை. பேனலுக்கு வெயில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

படி 2: நிழலைப் பாருங்கள். காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்குப் பேனலைப் படம் எடுங்கள். ஓரத்தில் விழும் சிறு நிழலையும் விட்டுவிடாதீர்கள். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு செல் மறைந்தாலே மொத்த மின்னோட்டமும் சரியும். மாமரக் கிளையும் பறவை எச்சமும் இதற்குப் போதும்.

படி 3: பேனலை மட்டும் நகர்த்துங்கள். கேமரா நிழலிலேயே இருக்கட்டும். 45 டிகிரிக்கு மேல் சூடானால் பல லித்தியம் பேட்டரிகள் சார்ஜ் ஏற்பதை நிறுத்திவிடும். கேமராவுக்கு ஏற்ற நீட்டிப்பு ஒயரால் பேனலைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். ஒயர் கேமராவில் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி வளையட்டும். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

படி 4: சாய்வு. “தெற்கு நோக்கி 45 டிகிரி” என்ற அறிவுரை குளிர்நாடுகளுக்கானது. ஜூனில் நம் நண்பகல் சூரியன் வடக்கே 20 டிகிரி சாய்ந்திருக்கும். அப்படி மாட்டிய பேனலுக்கு அப்போது நேரடி வெயிலில் பாதிகூடக் கிடைக்காது. படுக்கை வாட்டத்திலிருந்து 10 முதல் 15 டிகிரி சாய்த்தால் போதும். முழுக்கப் படுக்க வைத்தால் தண்ணீர் தேங்கி அழுக்குப் படியும். முடிந்தால் கிழக்குப் பக்கம் சாயுங்கள். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை அடிக்கடி வருவதால், காலை வெயிலைத்தான் நம்ப முடியும். புகைமூட்டக் காலத்தில் பேனலை ஈரத்துணியால் துடையுங்கள்.

படி 5: மீண்டும் கணக்கு. இன்றைய மாலை அளவு நேற்றைய மாலை அளவைவிடக் குறையாமல் இருந்தால் வேலை முடிந்தது. பகலில் நன்றாக ஏறியும் இரவில் பெரிதாகக் குறைந்தால், சாலையில் போகும் ஒவ்வொரு மோட்டாரையும் கேமரா பதிவு செய்கிறது என்று சந்தேகப்படுங்கள். செயலியில் அசைவைக் கண்டறியும் பகுதியை உங்கள் கேட்டுக்கு உட்பட்டதாகச் சுருக்குங்கள்.