போட்டோவைக் காட்டி ஹேர் கலர் கேட்கும்போது நரையை மறந்துவிடாதீர்கள்

செங்கோட்டையில் பார்லர் வைத்திருப்பதால் தென்காசிப் பக்கத்து ஆட்களும் வருவார்கள், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து தமிழ்க் குடும்பங்களும் ரயிலேறி வருவார்கள். கல்யாண சீசனில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். போனை நீட்டி, "இதே கலர் வேணும்" என்பார்கள். இருபது வயதுப் பெண் கேட்டால் அது ஒரு மாதிரி. நரை விழத் தொடங்கியவர் கேட்டால் கணக்கே வேறு, ஏனென்றால் போட்டோவில் உள்ள அந்த ஒரு நிறம் அவர் தலையில் இரண்டு நிறமாகப் பிரிந்து நிற்கும்.

போன ஆவணியில் தென்மலையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மாநிறம். மகள் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். அவர் காட்டிய படத்தில் ஒரு பெண்ணுக்குச் செம்பு கலந்த பழுப்பு முடி. ஷேட் கார்டில் அதற்குப் பக்கத்தில் வருவது 6.4. புள்ளிக்கு முன்னால் உள்ள எண் கருமையைச் சொல்வது. 1 என்றால் நல்ல கறுப்பு, எண் கூடக்கூட வெளுப்பு. நம் ஊர் முடி பெரும்பாலும் 1, 2, மிஞ்சினால் 3. புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல். நான் வைத்திருக்கும் டியூப்களில் .1 சாம்பல், .3 பொன், .4 செம்பு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால் அட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"டீச்சர், முதல்ல நாலு முடியில போட்டுப் பாத்துருவோம்" என்று சொல்லி, காதோரம் உள்பக்கத்திலிருந்து கறுப்பும் வெள்ளையும் கலந்த சின்னக் கற்றை ஒன்றை வெட்டி எடுத்து 6.4 தடவி வைத்தேன். 45 நிமிடம் கழித்து அலசிக் காய வைத்து வெள்ளைத் தாளில் வைத்தோம். கறுப்பு முடி வெயிலில் பிடித்தால் மட்டும் லேசாகச் சிவப்படித்தது. வெள்ளை முடியோ பளீரென்று ஆரஞ்சு. "ஐயோ, இதையா தலை முழுக்கக் கேட்டேன்?" என்றார்.

காரணம் எளிது. கறுப்பு முடிக்குள் ஏற்கெனவே கருமை நிறைந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் வெளுக்க வைத்த பிறகுதான் புது நிறம் கண்ணுக்குத் தெரியும். நரைக்குச் சாயத்தோடு கலந்து போடும் 6 சதவீத பெராக்சைடு க்ரீமான டெவலப்பர் ஒன்று, இரண்டு படிதான் வெளுக்கும். அப்போதும் உள்ளே கிடக்கும் சிவப்புதான் மேலே வரும். வெள்ளை முடியில் வெளுக்க எதுவுமே இல்லை, போட்ட நிறம் போட்டபடியே ஏறிவிடும். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு நரை கிடையாது. முதலில் ப்ளீச் செய்து, அதன் மேல் போட்ட செம்பு அது.

ஷேட் கார்டை நம்புவதிலும் இதே தவறுதான் நடக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் குஞ்சங்கள் வெள்ளை நாரில் சாயம் ஏற்றியவை. அதனால் உங்கள் நரை எப்படி வரும் என்பதை அந்தக் குஞ்சம் ஓரளவு சரியாகவே காட்டிவிடும், கறுப்பு முடியைப் பற்றித்தான் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே ஷேட்டை நரைக்குத் தகுந்தாற்போல் தேர்ந்தெடுங்கள். "இந்தக் குஞ்சம் என் காதோரத்தில் உட்கார்ந்தால் நன்றாயிருக்குமா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அதற்கு நரை எவ்வளவு என்று தெரிய வேண்டும். பலர் முன்பக்கம் ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பிவிட்டு ஷேட் சொல்லச் சொல்கிறார்கள். வகிடு, இரண்டு காதோரம், உச்சி, பிடரி என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவும் எண்ணெய் வைக்காத காய்ந்த முடியில். ஈரத்திலும் எண்ணெயிலும் நரை ஒளிந்துகொள்ளும். டீச்சருக்குக் காதோரத்திலும் வகிட்டிலும் பாதிக்கு மேல் வெள்ளை, பிடரியில் ஒன்றிரண்டுதான். செல்ஃபியை மட்டும் பார்த்திருந்தால் தலை முழுக்க நரை என்று நினைத்திருப்பேன்.

படம் எடுக்கும் வெளிச்சமும் முக்கியம். சாரல் சீசனில் மேகமூட்டத்தில் எடுத்தால் முடி உண்மையைவிடக் கறுப்பாக, நீலம் பூத்த மாதிரி தெரியும். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே செம்பட்டை. நான் சொல்வது, வெயில் உள்ள நாளில் காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் நின்று, ஃப்ளாஷும் ஃபில்டரும் இல்லாமல், முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் முகமும் முடியும் அதே அளவு மாறியிருக்கிறது என்று அர்த்தம், திரும்ப எடுங்கள்.

அப்புறம் தோல் நிறம். சிவப்பா கறுப்பா என்பதைவிட, தோலுக்கு அடியில் மஞ்சள் ஓடுகிறதா சிவப்பு ஓடுகிறதா என்பதுதான் எனக்கு வேண்டும். மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்வார்கள். கருந்தோலில் அது சரியாகத் தெரியாது. நான் முகத்துக்குக் கீழே முதலில் ஒரு கடுகு மஞ்சள் துணி, பிறகு ஒரு சாம்பல் துணி பிடித்துப் பார்ப்பேன். டீச்சருக்கு மஞ்சள் துணியில் முகம் தெளிந்தது. சாம்பல் துணியில் கண்ணுக்குக் கீழே கருவளையம் எடுத்துக் காட்டியது. இப்படிப்பட்டவர் சாம்பல் சாயல் ஷேட் போட்டால் முகமே களைத்துப்போன மாதிரி ஆகிவிடும். நல்ல கறுப்பும் அப்படித்தான். நரை விழும் வயதில் 1 போட்டால் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டது போலிருக்கும். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளருவதால் மூன்றாவது வாரமே வகிட்டில் வெள்ளைப் பட்டை தெரியும். பிடிக்கவில்லையென்று கறுப்பை எடுப்பதும் லேசில்லை. ஒருமுறை ஏறிய சாயத்தை அதன் மேல் போடும் இன்னொரு சாயம் வெளுக்காது.

டீச்சருக்குக் கடைசியில் செய்தது இது. 4.0 இரண்டு பங்கு, 5.3 ஒரு பங்கு, 6 சதவீத டெவலப்பர். புள்ளிக்குப் பின் 0 உள்ள ஷேட்தான் நரையை மூடும், அதனால் அது கூடுதல். பொன் சாயல் முகத்துக்காக. மறுபடி ஒரு கற்றையில் போட்டுப் பார்த்தோம். வெள்ளை முடி வெதுவெதுப்பான பழுப்பு, கறுப்பு முடி ஏறக்குறைய கறுப்பாகவே. இரண்டும் சேர்ந்து ஒரே குடும்பமாகத் தெரிந்தன. "படத்துல உள்ளது இல்ல, ஆனா இது என் முடி மாதிரியே இருக்கும்மா" என்றார். அன்றே அதில் துளியைக் காதுக்குப் பின்னால் தடவி அனுப்பினேன். 48 மணி நேரத்தில் அரிப்போ தடிப்போ வரவில்லை என்று உறுதியான பிறகுதான் தலையில் போட்டேன்.

வருடக்கணக்காக மருதாணியோ கறுப்பு மெஹந்தித் தூளோ போடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில தூள்களில் உலோக உப்பு இருக்கும், அது டெவலப்பரோடு சேர்ந்தால் முடி சூடேறிப் பொசுங்கும்.

டீச்சருக்கு நரை அதிகமுள்ள காதோரத்தில்தான் முதலில் தடவினேன், அங்கே முடி முரடு, சாயம் ஏற நேரம் வேண்டும். பிடரிக்குக் கடைசியில் போனேன். ஐந்து வாரம் கழித்து டச்சப்புக்கு வந்தபோது வேரில் மட்டும் அதே கலவையைப் போட்டேன், நுனியைத் தொடவில்லை.