கூட்டத் தேதிக்கு ஓட்டு சிதறிப்போனால் செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் குழுவில் 12 பேர். கூட்டம் என்றைக்கு என்று கேட்டதில் வெள்ளிக்கு 5 ஓட்டு, ஞாயிறுக்கு 4, சனிக்கு 3. ஒருங்கிணைத்தவர் அன்று இரவே "பெரும்பான்மை வெள்ளி" என்று அறிவித்துவிட்டார், வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தது ஆறே பேர்.

முதல் தவறு அந்த "பெரும்பான்மை" என்ற சொல்தான். 12 பேரில் 5 பேர் பெரும்பான்மை இல்லை, மீதி 7 பேர் வேறு நாளைக் கேட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய தவறு கேள்வியிலேயே இருந்தது. "எந்த நாள் வேண்டும்" என்று ஒரே ஒரு நாளைத் தேர்வு செய்யச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும் என்பது மட்டும்தான் தெரியும், மற்ற நாட்களில் அவர் வர முடியுமா முடியாதா என்பது தெரியவே தெரியாது. கூட்டத்துக்குத் தேவையானதோ அந்த இரண்டாவது தகவல்தான்.

அடுத்த முறை அதே மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக "வர முடியும், சிரமப்பட்டு வரலாம், வரவே முடியாது" என்று மூன்று பதில் வைத்துக் கேட்டோம். வெள்ளிக்கு 5 பேர் முடியும், 1 சிரமம், 6 முடியாது. ஞாயிறுக்கு 5 முடியும், 2 சிரமம், 5 முடியாது. சனிக்கு 6 முடியும், 5 சிரமம், ஒரே ஒருவர்தான் முடியாது. முதலில் கடைசி இடத்தில் கிடந்த சனிக்கிழமைக்குத்தான் 11 பேர் வர முடியும்! பெரும்பாலோருக்கு அது செல்ல நாள் இல்லை, ஆனால் யாரையும் அவ்வளவாக வெளியே தள்ளாத நாள் அதுதான்.

இங்கே பலர் நியாயம் என்று நினைத்துச் செய்கிற ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டு சிதறிவிட்டது, சரி, முதல் இரண்டு இடத்தில் இருப்பதை மட்டும் வைத்து மறுபடி ஓட்டு எடுப்போம் என்பார்கள். எங்கள் கணக்கில் அப்படிச் செய்திருந்தால் வெள்ளியா ஞாயிறா என்றுதான் கேட்டிருப்போம், கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒத்துவந்த சனி முதல் சுற்றிலேயே போயிருக்கும். மறு ஓட்டெடுப்பு தேவையென்றால் எல்லா நாட்களையும் வைத்து, கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் ஒருவர் பல பதில்களைத் தேர்வு செய்யும் வசதியை அணைக்காமல், "உங்களால் வர முடிந்த எல்லா நாட்களையும் தொடுங்கள்" என்று எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எண்ணும்போது முதலில் "முடியாது" எத்தனை என்று பாருங்கள். இரண்டு நாட்கள் ஒன்றிரண்டு பேர் வித்தியாசத்தில் நெருங்கி நின்றால் மட்டும் "சிரமம்" குறைவாக உள்ள நாளை எடுங்கள். சிலர் தனக்குப் பிடித்த நாளைத் தவிர எல்லாவற்றுக்கும் "முடியாது" போட்டு வைப்பார்கள், அது பட்டியலைப் பார்த்தாலே தெரியும். அவரைக் குழுவில் வைத்துக் கேட்காமல் தனியாக, "வரவே முடியாதா, இல்லை சிரமமா?" என்று மட்டும் கேளுங்கள், காரணம் கேட்க வேண்டாம். பதிலே சொல்லாதவர்களையும் "எந்த நாளும் ஓகே" என்று எண்ணிவிடாதீர்கள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது அவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

ஓட்டைப் பார்த்த பிறகு விதி போடுவதுதான் மனக்கசப்பைக் கிளப்பும். வரவு செலவு பேசும் கூட்டத்துக்குப் பொருளாளர் கட்டாயம் என்றால் அது நியாயம்தான், ஆனால் முடிவு வந்த பிறகு அதைச் சொன்னால் தலைவர் தனக்கு வேண்டிய நாளை நுழைக்கிறார் என்றுதான் தோன்றும். அதனால் கேட்கும்போதே எழுதிவிடுங்கள்: பதில் சொல்லக் கடைசி நேரம், யார் இல்லாமல் கூட்டம் நடக்காது, சமமாக வந்தால் என்ன செய்வது. சமமாக வந்தால் சென்ற முறை வர முடியாமல் போனவர்களுக்கு ஒத்துவரும் நாள் என்பது எங்கள் விதி. குலுக்கல் போடலாம்தான், ஆனால் தொடர்ந்து ஞாயிறு வேலை பார்க்கிற ஒருவர் நான்கு கூட்டமாக வெளியே நிற்பது குலுக்கலின் கண்ணில் படாது.

முடிவை அறிவிக்கும்போது வெறும் தேதியைப் போடாமல் கணக்கோடு போடுங்கள். எங்கள் செய்தி இப்படி இருந்தது: "சனி மாலை 5 மணி. 11 பேர் வர முடியும், ஒருவருக்கு முடியாது. வெள்ளிக்கு 6 பேரும் ஞாயிறுக்கு 5 பேரும் முடியாது என்றார்கள்." அதன் பிறகு ஒருவர் வந்து ஞாயிறுக்கு மாற்றலாமா என்று கேட்டார். ஒருவருக்காகத் திறந்தால் 11 பேர் ஒதுக்கி வைத்த நேரம் வீண், ஆகவே மாற்றவில்லை. வர முடியாதவரிடம் அவருடைய கருத்தை முன்கூட்டியே எழுதி வாங்கி, கூட்டத்தில் முதலில் அதைத்தான் வாசித்தோம்.